உளுந்து விதைக்கு ஒரு விளம்பரம்: முதலில் வேரைக் காட்டு, பிறகு பேசு

கீழ்ப் பர்மாவில் மழைக்கால நெல்லை அறுத்ததும் அதே வயலில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி, உளுந்து விதைப்பார்கள். பகோ பக்கமும் மோன் மாநிலத்திலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேலை. நெல் வீட்டுக்கு, பர்மியர் மாட்பே என்று சொல்லும் உளுந்து காசுக்கு. இங்கே விளையும் உளுந்தில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த உளுந்து விவசாயிக்கு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை விற்க ஒரு கடைக்காரர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யெசினில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சித் துறை உட்பட இதைத் தயாரிப்பவர்கள் நாட்டிலேயே உண்டு. போனில் போட்டுக் காட்டவும், கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஓட்டவும் இரண்டு நிமிட வீடியோ ஒன்று அவருக்கு வேண்டும். அதற்கு வசனம் எழுதும் வேலை உங்களிடம் வருகிறது. எப்படி எழுதுவது?

பலரும் முதலில் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்: “காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் அதிநவீன உயிர் உரம்! மகசூலைப் பெருக்கும்! மண்வளம் காக்கும்! இன்றே வாங்குங்கள்!” இதைக் கேட்ட விவசாயிக்குப் பாக்கெட்டை என்ன செய்வது என்றே தெரியாது. யூரியாவோடு கலந்து வீசுவாரா, தண்ணீரில் கரைத்துத் தெளிப்பாரா, விதையில் கலப்பாரா? வசனத்தில் பதில் இல்லை. மகசூல் பெருகும் என்று பூச்சி மருந்துக்காரரும் சொன்னார், டி சூப்பர் உரம் விற்பவரும் சொன்னார். இந்த வாயும் அதையே சொல்கிறது, அவ்வளவுதான்.

விவசாயிக்கான விளம்பரத்தில் வசனத்துக்கு முன்னால் செய்முறையை முடிவு செய்ய வேண்டும். எதைச் செய்து காட்டப் போகிறோம், அதில் விவசாயி தன் கண்ணால் என்ன பார்ப்பார், அதை அவரே தன் வயலில் திரும்பச் செய்து பார்க்க முடியுமா? இந்த மூன்றும் தெளிவானால் வசனம் பாதி எழுதி முடிந்த மாதிரி. கை செய்யும் வேலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு குரல் பேசினால் போதும்.

ரைசோபியத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத உயிர். பாக்கெட்டைப் பிரித்தால் கறுப்பான ஈரத் தூள் மட்டும்தான் இருக்கும். அதைத் தின்று சாகும் புழுவோ, காய்ந்து விழும் களையோ கிடையாது, படம் பிடிக்க எதுவும் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் உளுந்துச் செடியின் வேரைக் கழுவிப் பார்த்தால் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். இந்த உயிர்கள் குடியிருக்கும் வீடு அவை. காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்கு ஆகும் விதமாக மாற்றும் வேலை அதற்குள்தான் நடக்கிறது. முடிச்சை பிளேடால் இரண்டாக வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருக்க வேண்டும். சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உள்ளே இருப்பது உருப்படாத வகை. பச்சையோ பழுப்போ என்றால் வேலை முடிந்துவிட்டது. ஒரு பிளேடு வெட்டில் இத்தனையும் தெரிகிறது. நம் வீடியோவின் நடு இடம் அதுதான்.

சரி, சிவப்பு முடிச்சைக் காட்டிவிட்டால் ஆயிற்றா? ஆகாது. “என் வயல்ல மருந்து போடாமலே அப்படித்தான் இருக்கும்” என்று ஒருவர் சொல்வார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கலாம். ஆகவே பக்கத்தில் கலக்காத விதையின் செடியும் நிற்க வேண்டும். ஒரே விதை, ஒரே மண், ஒரே நாள், ஒரே அளவு தண்ணீர். கலந்தது, கலக்காதது என்ற ஒரு வித்தியாசம் மட்டும்.

இங்கேதான் நாள்கணக்கு இடிக்கிறது. வேரில் முடிச்சு நன்றாகத் தெரிய விதைத்து மூன்று நான்கு வாரம் ஆகும், பூக்கும் சமயத்தில் பார்த்தால் அருமையாக இருக்கும். காய் பிடித்து முற்றும்போது முடிச்சுகள் வாடிப்போகும். அந்த நேரத்தில் பிடுங்கிக் காட்டினால் பழுப்பும் பச்சையுமாக இருக்கும், சரக்கு மோசம் என்றே ஊர் முடிவு கட்டும். ஆனால் வீடியோ ஓட வேண்டியது நெல் அறுப்புக்கு முன்னால், விதைக்கு ஏற்பாடு செய்யும் சமயத்தில். அப்போது வயலில் உளுந்தே இருக்காது. போன பருவத்திலேயே படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டவர்கள் மழை விடுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, கூரைச் சார்ப்பில் தண்ணீர் தேங்காத பைகளில் விதைத்து வளர்க்கலாம். பைக்கு மண் வயலிலிருந்தே வர வேண்டும். மாட்டுக்கொட்டில் ஓரத்து மண்ணை அள்ளி நிரப்பினால் அதிலேயே தழைச்சத்து ஏராளம். செடி இரண்டிலும் கரும்பச்சையாகச் செழிக்கும், முடிச்சு இரண்டிலும் குறைவாக இருக்கும். சாப்பாடு தானாகக் கிடைக்கும்போது செடி முடிச்சு வைக்க மெனக்கெடாது. இலையின் பச்சையைக் காட்டாமல் வேரைக் காட்டச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொன்று. கலக்காத பைகளில் முதலில் விதைத்துவிட்டு, அப்புறம்தான் கலந்த விதையைத் தொட வேண்டும். கையில் ஒட்டிய தூள் அந்தப் பக்கம் போனால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரு பக்கம் நல்ல செடியாகப் பொறுக்கி, மறுபக்கம் நோஞ்சானாகப் பொறுக்கிப் படமெடுக்கும் ஆசையும் வரும். அதற்கு இடம் கொடுக்காத வழி, செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வீடியோவில் வரும் விவசாயியிடமே விட்டுவிடுவது. “அக்கா, உங்களுக்குப் பிடிச்ச செடியைப் பிடுங்குங்க” என்று சொல்லி, அவர் போய்க் கை வைப்பதை வெட்டாமல் படத்தில் வைக்க வேண்டும்.

இனி வசனம். பேச்சுத் தமிழில்தான் எழுத வேண்டும். இங்கே வளர்ந்த இளையவர்கள் பலர் பர்மியப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறுவார்கள். திரையில் தமிழ் எழுத்தை ஓடவிட்டு அதையே நம்பினால் அவர்களுக்குப் போய்ச் சேராது, காதால் கேட்டால் புரியும். இரண்டு நிமிடத்துக்கு இருநூறு சொல்லுக்கு மேல் போகவேண்டாம். கை வேலை செய்யும்போது குரல் கொஞ்சம் சும்மா இருக்கட்டும். கடைக்காரரைத் “தம்பி” என்றும், விவசாயியை “அக்கா” என்றும் வைத்து நான் எழுதினால் இப்படி வரும்:

படம்: இரண்டு வரிசைப் பைகள். ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.
தம்பி: அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே உளுந்து, ஒரே மண்ணு. துணி கட்டின பக்கம் மட்டும் இந்தத் தூளைக் கலந்து விதைச்சோம். எந்தச் செடி வேணும்னாலும் எடுங்க.

படம்: அக்கா பையைக் கிழித்து, மண்ணோடு செடியை வாளித் தண்ணீரில் அமுக்கி அலசுகிறார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடி.
(பேச்சு இல்லை.)

படம்: இரண்டு வேரும் வெள்ளைத் தட்டில். பிளேடால் முடிச்சை வெட்டுவது நெருக்கத்தில்.
அக்கா: இதுல முடிச்சு நிறைய இருக்கு. உள்ள சிவப்பா இருக்கு.
தம்பி: சிவப்பா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு செடிக்குக் குடுக்குது. அதுக்கான உயிர்தான் இந்தத் தூள்ல இருக்கு. பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, விதைக்கு இது உறை.

படம்: தார்ப்பாயில் 10 கிலோ விதை. பாக்கெட்டில் தேதியை விரல் தொட்டுக் காட்டுகிறது.
தம்பி: மொதல்ல தேதியைப் பாருங்க. போயிருந்தா வாங்காதீங்க.

படம்: சோற்றுக் கஞ்சி கிண்ணத்தில். அக்கா புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார்.
அக்கா: ஆறிடுச்சு.
தம்பி: சூடா இருந்தா உயிர் செத்துடும். உப்புப் போடாத கஞ்சி. விதை பிசுபிசுன்னு ஆனாப் போதும், ஓடக்கூடாது.

படம்: தூளைத் தூவிக் கையால் புரட்டுகிறார். ஒவ்வொரு விதையும் கறுக்கிறது. நிழலில் சாக்கில் பரப்புகிறார்.
தம்பி: வெயில் வேண்டாம். நிழல்ல அரை மணி நேரம். அன்னைக்கே விதைச்சுடுங்க.

படம்: வயல். ஒரு ஓரத்தில் குச்சி நட்டு நாலு பாகம் நீளத்துக்கு இடத்தைத் தனியாக விடுகிறார்.
தம்பி: இந்த ஓரத்துல கலக்காத விதையைப் போட்டு வையுங்க. பூ வர்றப்ப ரெண்டு பக்கமும் பிடுங்கிப் பாருங்க. உங்க வயல்ல ஏற்கெனவே சிவப்பு முடிச்சு நிறைய இருந்தா பெரிய வித்தியாசம் தெரியாது. இல்லாட்டி நல்லாவே தெரியும்.

இதில் வரும் அளவுகளைப் பற்றிக் கொஞ்சம். 200 கிராம் பாக்கெட் ஒன்று 8 முதல் 10 கிலோ விதைக்கு என்பது உளுந்துக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 10 கிலோ விதைக்குக் கஞ்சி ஒன்றரை டம்ளர், அதாவது 300 மில்லி அளவில் ஆகும். ஆனால் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு அளவு மாறும், ஆகவே விற்கப் போகும் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதையே வசனத்தில் எழுதுங்கள். நம் ஆட்கள் விதையைக் கிலோவில் அளப்பதும் குறைவு. கூடைக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு கூடை உளுந்து ஏறத்தாழ 32 கிலோ. “பத்து கிலோவுக்கு ஒரு பாக்கெட்” என்றால் மனசுக்குள் கணக்குப் போட வேண்டும். “ஒரு கூடைக்கு நாலு பாக்கெட்” என்றால் கேட்டதும் பிடிபடும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கெடுதல் இல்லை, இந்தத் தூள் கூடினால் செடியைச் சுடாது. படத்தில் 10 கிலோ இருப்பது கைக்கு அடக்கமாகப் புரட்டத்தான். வாயால் சொல்லும்போது கூடையைச் சொல்லலாம்.

வசனத்தின் கடைசிப் பேச்சைத்தான் கடைக்காரர் வெட்டச் சொல்வார். “வித்தியாசம் தெரியாதுன்னு நம்ம வாயாலயே சொல்லணுமா?” என்று கேட்பார். வெட்ட வேண்டாம் என்பது என் கட்சி. வருஷம் தவறாமல் உளுந்தோ பாசிப்பயறோ விளைந்த மண்ணில் இதற்கேற்ற உயிர்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். அங்கே பாக்கெட்டால் கிடைப்பது சொற்பம். முதன்முதலாக உளுந்துக்கு மாறும் வயலில், அல்லது நெல்லுக்காக நெடுநாள் தண்ணீர் நின்று அந்த உயிர்கள் குறைந்துபோன வயலில்தான் பலன் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் பலன் என்று சொல்லி விற்றால், பலன் தெரியாதவர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசுவதைத் தடுக்க முடியாது. ஓரத்தில் தனியாக விட்டுப் பார்த்தவர் என்ன பார்த்தாரோ அதைத்தான் சொல்வார்.

படம் எடுப்பதற்கு முன்னால் வசனத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இதுவரை கேட்காத ஒரு விவசாயிக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு கைப்பிடி உளுந்து, தூள், கஞ்சி, சாக்கு எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டு, “செஞ்சு காட்டுங்க” என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே கை தயங்குகிறதோ அந்த வரி சரியில்லை. “கஞ்சி ஊற்றவும்” என்று எழுதியிருந்தால் காலையில் குடிக்க வைத்திருந்த உப்புக் கஞ்சியை ஊற்றுவார்கள், அல்லது அடுப்பிலிருந்து அப்படியே எடுத்து வருவார்கள். “உலர்த்தவும்” என்று எழுதினால் முற்றத்து வெயிலுக்குத்தான் போவார்கள், உளுந்தை வேறெங்கே உலர்த்தியிருக்கிறார்கள்? அதனால்தான் மேலே உள்ள வசனத்தில் புறங்கையில் சொட்டு விடுவதும், “வெயில் வேண்டாம்” என்பதும் வந்தன. வேண்டாததைச் சொல்வது சில இடங்களில் வேண்டியதைச் சொல்வதைவிடச் சுருக்கமாக வேலையை முடிக்கும்.

விதைக்குப் பூஞ்சாண மருந்து கலப்பவர்கள் இருந்தால் அதற்கும் ஒரு வரி வேண்டும். மருந்தை முதல் நாளே கலந்து, மறுநாள் இந்தத் தூளைக் கலப்பது பொதுவான முறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மருந்து பூஞ்சாணத்தோடு சேர்த்து நம் உயிரையும் கொல்லும். யூரியாவோடு விதையைக் கலந்து வீசும் பழக்கமும் அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் இதையெல்லாம் நுழைத்தால் செய்முறை மறைந்துபோகும். பாக்கெட் வாங்கும்போது கடையில் வாயால் சொல்ல வேண்டிய சங்கதிகள் இவை, வீடியோவுக்கு வேண்டாம்.

ஒரு கேள்வி மட்டும் எப்படியும் வரும், அதற்கு முன்கூட்டியே ஒரு துண்டு படம் எடுத்து வைக்கலாம். “என் செடி வேர்லயும் முடிச்சு இருக்கு, ஆனா செடி மஞ்சளா நிக்குது, உங்க தூள்தான் காரணமா?” அது நூற்புழு உண்டாக்கிய வீக்கமாக இருக்கலாம். பிரித்துப் பார்ப்பது சுலபம். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு வீக்கம் வேரே தடித்துப்போனது, தேய்த்தால் வராது, பிய்த்தால் வேர்தான் அறும். இதையும் வெள்ளைத் தட்டில் வைத்து, ஒன்றை விரலால் தேய்த்து உதிர்ப்பதையும் மற்றொன்று உதிராததையும் அடுத்தடுத்துக் காட்டினால் இருபது விநாடியில் முடிந்துவிடும்.

அடுத்த மாதம் இதே கடைக்காரர் பூச்சி மருந்துக்கு வசனம் கேட்டு வந்தால் முறை கொஞ்சம் மாறும். அங்கே செய்முறையில் முதலில் வர வேண்டியது கையுறையும் முகமூடியும், மருந்து மேலே படாதபடி காற்றின் திசையைக் கவனித்து நிற்பதும். வெறுங்கையால் மருந்தைக் கலக்கும் காட்சி ஒரு விநாடி வந்தாலும் பார்ப்பவர் அதைத்தான் கற்றுக்கொள்வார். “பாதுகாப்பானது”, “தீங்கற்றது” என்ற சொற்களும் வரக்கூடாது. பூச்சிக்கொல்லிகளைக் கையாள்வதற்கான ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நடத்தை விதிகள், விளம்பரத்தில் அந்தச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கின்றன. உரத்துக்கு மியன்மாவில் 2002-இல் வந்த உரச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற சரக்குதானா என்று வசனம் எழுத உட்காருவதற்கு முன்னால் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள், பதிவு எண் இருந்தால் தேதியைக் காட்டும் காட்சியிலேயே அதையும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

பாக்கெட்டை எங்கே வைத்து விற்கிறார் என்பதையும் ஒரு தடவை கடைக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. தகரக் கூரைக்கு அடியில், வெயில் விழும் அலமாரியில் அடுக்கியிருந்தால் தேதி மிச்சமிருந்தாலும் உள்ளே உயிர் மிச்சமிருக்காது. அந்தச் சரக்கை எடுத்துப் பைகளில் விதைத்துப் பார்த்தால் இரண்டு பக்கத்து வேரும் ஒன்றுபோலவே இருக்கும். அப்போது வசனத்தை மாற்றிப் பயனில்லை. பாக்கெட்டுகளை நிழலான, குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, புதுச் சரக்கு வரவழைத்துத் திரும்ப விதைக்க வேண்டியதுதான்.